ஜெராக்ஸ் கடை லேப்டாப்பைக் கைமாற்றும் முன்: டிஸ்க்கை அழிப்பது முதல் மீண்டும் ஓடவைப்பது வரை

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான பாதுகாப்பு ஆதரவு நின்றுபோனது. விண்டோஸ் 11 ஏறாத லேப்டாப்புகள் அதற்குப் பிறகு கூட்டமாக வெளியே வருகின்றன. கேரள-தமிழக எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் இவற்றில் பல வீட்டிலிருந்து வருவதில்லை, கடையிலிருந்து வருகின்றன. ஜெராக்ஸும் டிடிபியும் ஆன்லைன் விண்ணப்பமும் ஒரே மேஜையில் நடக்கும் கடைகள் அவை. அப்படி ஒரு கடையில் பத்து வருடம் ஓடிய லேப்டாப்பை எடுத்துக்கொள்வோம்: மூன்றாம் தலைமுறை கோர் ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், செத்துப்போன பேட்டரி.

அதன் டிஸ்க்கில் கடைக்காரரின் தரவு கொஞ்சம்தான் இருக்கும். ஊராரின் தரவுதான் அதிகம். ஸ்கேன் செய்த ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட் சைஸ் படம், எல்லைக்கு இந்தப் பக்கம் கட்டிய நிலவரி ரசீது, அந்தப் பக்கத்துச் சிட்டா, பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் என்று ஆயிரக்கணக்கான கோப்புகள். இவர்களில் யாரும் அந்த லேப்டாப் பழைய இரும்புக்கடைக்குப் போகச் சம்மதம் தந்தவர்கள் அல்ல. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் டிஸ்க்கை அழிப்பதைப் பற்றியே பேசுகிறோம்.

ஃபார்மேட் செய்தால் ஏன் போதாது

விண்டோஸில் டிஸ்க்கை வலது கிளிக் செய்து Quick Format கொடுத்தால் சில நொடிகளில் முடிந்துவிடும். 500 ஜிபி சில நொடிகளில் அழியாது என்பதை அந்த வேகமே சொல்லிவிடுகிறது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் எந்தப் பத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது என்ற குறிப்பேட்டை மட்டும் கிழித்துப் போட்டால் எப்படியோ அப்படித்தான் இதுவும். பத்திரங்கள் அலமாரியில் அப்படியே இருக்கும்.

சந்தேகமிருந்தால் சோதித்துப் பாருங்கள். ஃபார்மேட் செய்த டிஸ்க்கின்மேல் போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டால் `recup_dir.1` என்று ஒரு கோப்புறை உருவாகி, அதற்குள் `f0482816.jpg` என்பதுபோல எண்ணைப் பெயராகக் கொண்ட கோப்புகள் வரிசையாக வந்து விழும். கோப்பின் பழைய பெயர் போயிருக்கும். திறந்தால் உள்ளே ஆதார் அட்டை முழுசாக, எழுத்துக்கூட மங்காமல் இருக்கும். இதைச் செய்யத் தனித்திறமை எதுவும் தேவையில்லை. பழைய டிஸ்க் ஒன்று கையில் கிடைத்து, ஒரு மாலைப்பொழுது ஓய்வாக இருந்தால் போதும்.

அழிப்பதற்கு முன் எடுக்க வேண்டியவை

படம், ஆவணம், கணக்கு ஆகியவற்றை வெளி டிஸ்க்கில் எடுப்பது எல்லோருக்கும் தெரியும். எல்லைப்புறக் கடைகளில் விட்டுப்போவது எழுத்துருக்கள். பழைய வேர்டு, பேஜ்மேக்கர் கோப்புகளில் தமிழ் பாமினியிலோ வானவில்லிலோ அடித்ததாக இருக்கும், மலையாளம் எம்எல்-டிடி வரிசையில் இருக்கும். இவை யூனிகோட் அல்ல. கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு எழுத்துருவை விட்டுவிட்டால், புதுக் கணினியில் கல்யாணப் பத்திரிகை முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். `C:\Windows\Fonts` கோப்புறையையும் சேர்த்துப் பிரதி எடுங்கள். எடுத்த பிறகு வேறொரு கணினியில் நாலைந்து கோப்புகளைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், டேலி போன்ற உரிமம் பெற்ற மென்பொருள்கள், கணினி வாட்ஸ்அப் எல்லாவற்றிலிருந்தும் வெளியேறுங்கள். டேலி உரிமத்தைப் பழைய கணினியிலேயே ஒப்படைத்துவிட்டால் புதியதில் ஏற்றுவது சுலபம். டிஸ்க்கை அழித்த பிறகு அது அலைச்சல்.

பயாஸில் கடவுச்சொல் போட்டிருந்தால் அதையும் இப்போதே எடுத்துவிடுங்கள். பல லேப்டாப்புகளில் அந்தக் கடவுச்சொல் காயின் செல்லைக் கழற்றினாலும் போகாது. நல்ல மதர்போர்டு ஒன்று இந்த ஒரு மறதியால் கழிவாகப் போவது உண்டு.

டிஸ்க் எந்த வகை என்று பாருங்கள்

சுழலும் ஹார்ட் டிஸ்க்கை அழிக்கும் முறை வேறு, சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியை அழிக்கும் முறை வேறு. ஒன்றுக்குச் சொன்னதை மற்றதற்குச் செய்தால் வேலை முடிந்ததுபோலத் தெரியும், ஆனால் முடிந்திருக்காது.

ஒரு 8 ஜிபி பென் டிரைவில் ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எழுதிக்கொள்ளுங்கள். டிஸ்க்கை அழிக்கவும் பின்னால் இயங்குதளம் நிறுவவும் இதே பென் டிரைவ் போதும். லேப்டாப்பைத் தொடங்கும்போது பூட் பட்டியலைத் திறக்கும் விசை லெனோவா, டெல் இரண்டிலும் பெரும்பாலும் F12, எச்பியில் Esc அல்லது F9. மின்ட் பென் டிரைவிலிருந்தே ஓடத் தொடங்கியதும், பிரதி எடுத்து வைத்த வெளி டிஸ்க் செருகியிருந்தால் உருவிவிடுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். பிறகு டெர்மினலைத் திறந்து இதைக் கொடுங்கள்:

```
lsblk -d -e 1,7,11 -o NAME,SIZE,ROTA,TRAN
```

நமது லேப்டாப்பில் இப்படித் தெரியும்:

```
NAME   SIZE ROTA TRAN
sda  465.8G    1 sata
sdb    7.5G    1 usb
```

500 ஜிபி என்று விற்ற டிஸ்க்தான் இங்கே 465.8 என்று தெரிகிறது. கணக்கிடும் முறை வேறு, அவ்வளவுதான். `ROTA` கீழே 1 என்றால் சுழலும் டிஸ்க், 0 என்றால் எஸ்எஸ்டி. யுஎஸ்பி வழியாகச் செருகியவற்றுக்கு இந்த எண்ணை நம்ப வேண்டாம், மேலே பென் டிரைவுக்கும் 1 என்றுதான் வந்திருக்கிறது. பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்வதும் தவறு. சில லேப்டாப்புகளில் பென் டிரைவே `sda` ஆகவும் உள்ளே இருக்கும் டிஸ்க் `sdb` ஆகவும் வந்துவிடும். அளவையும் `TRAN` கீழே `sata` என்றிருப்பதையும் சேர்த்துப் பார்த்து உறுதி செய்யுங்கள். கீழே வரும் கட்டளைகளில் `sda` என்று எழுதியிருப்பது இந்த லேப்டாப்புக்கு. உங்களுடையதில் என்ன வருகிறதோ அதைப் போடுங்கள்.

சுழலும் டிஸ்க்: ஒரு முறை மேலெழுதினால் போதும்

ஏழு முறை எழுத வேண்டும், முப்பத்தைந்து முறை எழுத வேண்டும் என்பது இன்னும் உலவும் நம்பிக்கை. முப்பத்தைந்து என்ற கணக்கு 1996-இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையிலிருந்து பிறந்தது, அன்றைய டிஸ்க் வகைகளுக்காகச் சொன்னது. இன்றைய அடர்த்தியில் ஒரு முறை முழுக்கச் சுழியம் எழுதினால் பழையதை மீட்க வழியில்லை. அமெரிக்கத் தர நிறுவனமான என்ஐஎஸ்டி 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஒரு முறையே பொதுவாகப் போதும் என்கிறது. மிச்ச நேரத்தைச் சரிபார்ப்பில் செலவிடுங்கள், அதுதான் பயன் தரும்.

```
sudo shred -v -n 0 -z /dev/sda
```

`-n 0 -z` என்றால் வேறெதுவும் எழுதாமல் சுழியத்தை மட்டும் ஒரு சுற்று எழுது என்று பொருள். இந்த வகை 5400 சுழற்சி டிஸ்க், தொடக்கத்தில் நொடிக்கு 100 எம்பிக்கு அருகில் எழுதும். உள்வட்டத்துக்குப் போகப்போகப் பாதியாகக் குறையும். ஆகமொத்தம் 500 ஜிபிக்குச் சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். கடைசியில் வேகம் குறைகிறதே என்று நடுவில் நிறுத்த வேண்டாம், அது டிஸ்க்கின் இயல்பு.

நடுவில் நின்றுபோவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் மூன்று. லேப்டாப்பை மூடினால் தூங்கிவிடும், எனவே மூடியைத் திறந்தே வைத்து பவர் மேனேஜரில் தூக்கத்தை அணைத்துவிடுங்கள். பேட்டரி செத்திருப்பதால் கரண்ட் ஒரு கணம் போனாலும் அணையும். ஆடிக்காற்றில் கம்பி உரசும் நாட்களில் இன்வெர்ட்டரைச் சாதாரண முறையில் விடாமல் யுபிஎஸ் முறைக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள், மற்ற முறையில் மாறும் இடைவெளியிலேயே லேப்டாப் அணையக்கூடும். மூன்றாவது சூடு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொண்டுவரும் புழுதி விசிறியில் அடைத்திருந்தால் அரைமணியில் தானாக அணையும். அப்படி அணைந்தால் கீழே சொல்லும் விசிறி வேலையை முதலில் முடித்துவிட்டு இதற்குத் திரும்புங்கள். எதனால் நின்றாலும் நஷ்டம் ஒன்றுமில்லை, அதே கட்டளையை முதலிலிருந்து கொடுத்தால் போதும்.

முடிந்ததும் சரிபார்ப்பு:

```
sudo cmp /dev/sda /dev/zero
```

இது டிஸ்க்கை முதல் பைட்டிலிருந்து கடைசி வரை படித்துச் சுழியத்தோடு ஒப்பிடும். இதற்கும் ஏறத்தாழ அதே நேரம் பிடிக்கும். எல்லாம் சுழியமாக இருந்தால் `cmp: EOF on /dev/sda after byte 500107862016` என்று தொடங்கும் ஒரு வரி வரும். பார்த்தால் பிழைச் செய்திபோலத் தோன்றும், ஆனால் நமக்கு வேண்டிய விடை அதுதான். டிஸ்க் தீரும்வரை வேறுபாடு எதுவும் கிடைக்கவில்லை என்கிறது அது. 500107862016 என்பது 500 ஜிபி டிஸ்க்கின் மொத்த பைட் எண்ணிக்கை. அதற்குப் பதிலாக `differ: byte` என்று வந்தால் எழுதப்படாத இடம் இருக்கிறது, மறுபடி அழிக்க வேண்டும்.

விண்டோஸ் நிறுவும் பென் டிரைவ் மட்டுமே கையில் இருந்தால் அதிலும் வழி உண்டு. நிறுவல் திரையில் Shift + F10 அழுத்தி `diskpart` திறந்து, `list disk`, `select disk 0`, `clean all` என்று வரிசையாகக் கொடுக்கலாம். `list disk` காட்டும் அளவைப் பார்த்து எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். கவனிக்க வேண்டியது `all` என்ற சொல். வெறும் `clean` பகுப்பு விவரத்தை மட்டும்தான் எடுக்கும். `clean all` ஒவ்வொரு செக்டாரிலும் சுழியம் எழுதும்.

டிஸ்க்கே பழுதாக இருந்தால்

அழிப்பதற்கு முன்பே ஒரு முறை உடல்நிலை பார்த்துவிடுவது நல்லது. மின்ட் மெனுவில் Disks என்ற நிரலைத் திறந்து, வலது மேல் மூலையில் SMART Data பகுதியைப் பாருங்கள். அல்லது `sudo apt install smartmontools` செய்து `sudo smartctl -A /dev/sda` கொடுங்கள். வரும் பட்டியல் நீளமானது, இரண்டே வரிகளைப் பார்த்தால் போதும்.

`Reallocated_Sector_Ct` என்பது கெட்டுப்போனதால் ஒதுக்கிவிட்டு வேறிடம் மாற்றிய செக்டார்களின் எண்ணிக்கை. ஒதுக்கிய செக்டாரில் பழைய எழுத்து அப்படியே கிடக்கும், நாம் எழுதும் சுழியம் அங்கே போய்ச் சேராது. ஒரு செக்டார் 512 பைட்டோ 4096 பைட்டோதான் என்பதால் நாலைந்து இருந்தால் சாதாரணக் கடைக்கு அது பெரிய ஆபத்தல்ல. நூற்றுக்கணக்கில் இருந்தால் அந்த டிஸ்க்கை யாருக்கும் தர வேண்டாம். `Current_Pending_Sector` சுழியத்துக்கு மேலிருந்தால் படிக்க முடியாத இடங்கள் இருக்கின்றன என்று பொருள். சில சமயம் மேலெழுதும்போது அது சரியாகிவிடும். சரியாகாமல் `Input/output error` வரிகள் தொடர்ந்து வந்தால் மென்பொருளால் இனி பயனில்லை, உடைக்க வேண்டியதுதான்.

உடைப்பதிலும் ஒரு எச்சரிக்கை. மேஜைக் கணினியின் பெரிய டிஸ்க்கில் உள்ளே இருப்பவை பெரும்பாலும் அலுமினியத் தட்டுகள், வளையும். லேப்டாப்பின் இரண்டரை அங்குல டிஸ்க்கில் இருப்பவை பெரும்பாலும் கண்ணாடித் தட்டுகள், சிதறும். சுத்தியல் எடுப்பதற்கு முன் டிஸ்க்கைத் தடித்த துணியில் சுற்றி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். மூடிக்கு வெளியே அடித்துப் பயனில்லை. தட்டு இருக்கும் வட்டப்பகுதியில் துளைப்பானால் இரண்டு மூன்று துளை போட்டால் உள்ளே கண்ணாடி நொறுங்கும். குலுக்கினால் சலசலவென்று கேட்கும், அதுவே அடையாளம். தீயில் போடுவது வேண்டவே வேண்டாம், பலகையின் பிளாஸ்டிக்கும் ஈயமும் புகையாகி நம் மூக்குக்குத்தான் வரும்.

எஸ்எஸ்டியாக இருந்தால்

எஸ்எஸ்டி, தேய்மானத்தைப் பரவலாக்குவதற்காக ஒரே இடத்தில் எழுதச் சொன்னாலும் வேறு வேறு செல்களில் எழுதும். நமக்குக் காட்டாமல் ஒதுக்கி வைத்த இடமும் அதற்குள் உண்டு. `shred` எழுதும் சுழியம் அந்த மறைவிடங்களுக்குப் போகும் என்று உறுதி இல்லை. எனவே எஸ்எஸ்டியிடமே அழிக்கச் சொல்ல வேண்டும். சாட்டா வகைக்கு:

```
sudo hdparm -I /dev/sda
```

வெளியீட்டின் கடைசிப்பக்கம் `Security` என்ற பகுதியில் `not frozen` என்று இருக்க வேண்டும். வெறும் `frozen` என்றிருந்தால் பயாஸ் அதைப் பூட்டிவைத்திருக்கிறது. `sudo systemctl suspend` கொடுத்து லேப்டாப்பைத் தூங்கவைத்து, பத்து நொடி கழித்துப் பவர் பொத்தானைத் தொட்டு எழுப்பினால் பெரும்பாலும் விடுபடும். அதன் பிறகு:

```
sudo hdparm --user-master u --security-set-pass p /dev/sda
sudo hdparm --user-master u --security-erase p /dev/sda
```

முதல் வரி `p` என்ற தற்காலிகக் கடவுச்சொல்லை வைக்கிறது, இரண்டாவது வரி அழிக்கிறது. எஸ்எஸ்டியில் ஓரிரு நிமிடத்தில் முடியும். நடுவில் கரண்ட் போனால் டிஸ்க் பூட்டியபடியே நிற்கும். பதற வேண்டாம், `p` நினைவிலிருந்தால் இரண்டாவது வரியை மறுபடி கொடுத்து முடிக்கலாம். விதவிதமான கடவுச்சொல் வைக்காமல் எப்போதும் ஒரே எழுத்தை வைப்பது அதனால்தான். இந்த வேலையை யுஎஸ்பி உறையில் போட்டுச் செய்யாதீர்கள், லேப்டாப்பின் சாட்டா இணைப்பிலேயே செய்யுங்கள். முடிந்தபின் `hdparm -I` மறுபடி கொடுத்தால் `not enabled` என்று காட்ட வேண்டும்.

என்விஎம்இ வகை என்றால் பெயர் `nvme0n1` என்று வரும். `nvme-cli` நிறுவிவிட்டு `sudo nvme format /dev/nvme0n1 --ses=1` என்ற ஒரு வரி போதும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எஸ்எஸ்டியில் `cmp` சுழியம் காட்டினாலும், எல்லா செல்களும் உண்மையிலேயே காலி என்பதற்கு அது முழுச் சான்று ஆகாது. சுழியம் என்று எஸ்எஸ்டியின் கட்டுப்பாட்டுச் சில்லு சொல்கிறது, நாம் கேட்டுக்கொள்கிறோம். பெயர் தெரியாத மலிவு எஸ்எஸ்டி, அதில் ஊராரின் ஆவணங்கள் என்றால், அதன் ஒவ்வொரு நினைவுச் சில்லையும் உடைப்பதே சரி.

இனி உடம்பு: திறந்து சுத்தம் செய்வது

அடாப்டரை உருவி, பேட்டரியைக் கழற்றி, பவர் பொத்தானை 15 நொடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். திருகுகள் ஒரே நீளமாக இருக்காது. ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பாகத்தை வரைந்து, கழற்றிய இடத்திலேயே திருகைக் குத்தி வையுங்கள். நீளத் திருகைக் குட்டைத் திருகின் இடத்தில் முறுக்கினால் மறுபக்கம் மதர்போர்டையோ கீபோர்டையோ துளைக்கும். எல்லாத் திருகும் கழன்ற பிறகும் மூடி வரவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள். ரப்பர் காலுக்கு அடியிலோ டிவிடி டிரைவ் இருந்த குழியிலோ ஒரு திருகு மிச்சமிருக்கும்.

விசிறியைப் பார்த்தால் தூசு பெரிதாகத் தெரியாது. அடைப்பு இருப்பது விசிறிக்கும் செம்புத் தகட்டு வரிசைக்கும் நடுவில். விசிறியைக் கழற்றினால் அங்கே கம்பளித் துண்டுபோல ஒரு பட்டை நிற்கும், விரலால் ஒரே துண்டாக உரித்து எடுக்கலாம். வெளியிலிருந்து புளோயர் மட்டும் அடித்தால் அந்தப் பட்டை உடைந்து இன்னும் உள்ளே போகும். புளோயர் அடிக்கும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கட்டுப்பாடில்லாமல் சுழன்றால் பேரிங் போய்விடும்.

சிப்பின் சூட்டை வாங்கும் ஹீட்சிங்கின் திருகுகளுக்கு அருகில் 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருக்கும். கழற்றும்போது பெரிய எண்ணிலிருந்து, மாட்டும்போது சிறிய எண்ணிலிருந்து, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக. இரண்டுக்கும் நடுவில் பூசிய பழைய தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்புபோலக் காய்ந்திருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். கைக்குப் போடும் சானிடைசரில் தண்ணீரும் கிளிசரினும் சேர்ந்திருக்கும், தின்னரும் பெட்ரோலும் பிளாஸ்டிக்கை உருக்கும், இவை எதுவும் ஆகாது. புதுப் பேஸ்ட் ஓர் அரிசிமணி அளவு சிப்பின் நடுவில் வைத்தால் அழுத்தத்தில் தானே பரவும். சுற்றியுள்ள சிறு சில்லுகளின்மேல் சாம்பல் நிற மெத்தை இருந்தால் அதைப் பேஸ்ட்டால் ஈடு செய்ய முடியாது, கிழியாமல் எடுத்துத் திரும்ப வையுங்கள்.

மாற்ற வேண்டிய மூன்று

இந்த வயது லேப்டாப்பின் சோம்பலுக்கு முக்கியக் காரணம் ஹார்ட் டிஸ்க். அந்த இடத்தில் 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போட்டால் ஆளே மாறிவிடும். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன், எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர். பழைய டிஸ்க்கின் இரும்புச் சட்டத்தைக் கழற்றி இதற்கு மாட்டினால் ஆடாது.

அடுத்தது ரேம். பழைய ரேமின் லேபிளில் `PC3` என்றிருந்தால் 1.5 வோல்ட், `PC3L` என்றிருந்தால் 1.35 வோல்ட். வாங்கும்போது `PC3L` வாங்குங்கள், அது இரண்டு இடத்திலும் பொதுவாக ஓடும். `PC3` மட்டும் கேட்டு வாங்கி 1.35 வோல்ட் லேப்டாப்பில் போட்டால் திரை கருப்பாகவே நிற்கலாம். 45 டிகிரி சாய்வாக நுழைத்துக் கீழே அழுத்தும்போது இருபக்கக் கொக்கியும் டக்கென்று பிடிக்க வேண்டும்.

மூன்றாவது சில்லறை விஷயம் என்று விட்டுவிடுவது: சிஆர் 2032 காயின் செல். இது தீர்ந்தால் தேதி ஒவ்வொரு முறையும் பல வருடம் பின்னால் போகும். பாதுகாப்பான இணையதளங்கள் சான்றிதழ் சரியில்லை என்று திறக்க மறுக்கும், நெட் போய்விட்டது என்று ஆட்கள் மோடத்தைக் குறை சொல்வார்கள். மல்டிமீட்டரில் 2.7 வோல்ட்டுக்குக் கீழ் காட்டினால் மாற்றிவிடுங்கள். சில மாடல்களில் செல் இரண்டு கம்பியோடு மஞ்சள் உறையில் இருக்கும், அதே வகையாகக் கேட்டு வாங்க வேண்டும்.

பேட்டரி விஷயத்தில் தனிக் கவனம். இந்த லேப்டாப்பில் இருப்பது கழற்றும் வகை, உள்ளே உருளை செல்கள், அவை வீங்காமல் செத்துப்போகும். தட்டைப் பேட்டரி உள்ள புது மாடல்களில் டச்பேட் மேலெழும்பினாலோ, மேஜையில் வைத்தால் லேப்டாப் ஆடினாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது. அதைச் சார்ஜ் செய்யாதீர்கள், நெம்புகோல் போட்டு எடுக்காதீர்கள். பசையைப் பொறுமையாக விடுவித்து எடுத்து, முனைகளில் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் போட்ட தகர டப்பாவில் வீட்டுக்கு வெளியே வையுங்கள்.

இயங்குதளமும் சோதனையும்

அதே பென் டிரைவிலிருந்து மின்ட் நிறுவலாம், 4 ஜிபி ரேமிலும் ஓடும். கேரளப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குத் தரப்போகிறீர்கள் என்றால் அரசின் கைட் நிறுவனம் பள்ளிகளுக்காகத் தரும் லினக்ஸை ஏற்றுங்கள். உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது, வகுப்பில் பார்க்கும் அதே நிரல்கள் வீட்டிலும் இருக்கும். தமிழ் அடிக்க, விசைப்பலகை அமைப்பில் `Tamil (TamilNet '99)` சேர்த்துக்கொள்ளலாம்.

ஒப்படைக்கும் முன் ஒரு மணி நேரம் வீடியோ ஓடவிட்டு, `lm-sensors` நிறுவி `sensors` கட்டளையில் வெப்பத்தைப் பாருங்கள். 80 டிகிரிக்குள் நின்றால் சரி. 90-ஐத் தாண்டினால் ஹீட்சிங்க் சமமாக உட்காரவில்லை, மறுபடி திறக்க வேண்டும். ரேம் புதிதாகப் போட்டிருந்தால் பென் டிரைவின் தொடக்கப் பட்டியலில் உள்ள நினைவகச் சோதனையை ஒரு முழுச் சுற்று ஓடவிடுங்கள். ஒரு பிழைகூட வரக்கூடாது.

மிச்சமானவை எங்கே போக வேண்டும்

வேலை முடிந்ததும் மேஜையில் அழித்த டிஸ்க், செத்த பேட்டரி, பழைய காயின் செல் மூன்றும் மிஞ்சும். டிஸ்க்கின் உடல்நிலை நன்றாக இருந்தால் யுஎஸ்பி உறையில் போட்டு நீங்களே வைத்துக்கொள்ளலாம். மற்றவை மின்கழிவு. பாலக்காட்டுப் பக்கம் ஆக்ரிக்கடை, பொள்ளாச்சிப் பக்கம் பழைய இரும்புக்கடை, இரண்டிலும் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். ஆனால் செம்புக்காக ஒயரை எரிப்பதும், தங்கத்துக்காகப் பலகையை அமிலத்தில் போடுவதும் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில்தான் நடக்கிறது. கேரளப் பக்கத்தில் வீடு வீடாகக் கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனாவிடமோ உள்ளாட்சி அலுவலகத்திலோ கேளுங்கள், அவர்கள் வழியாக அரசின் கிளீன் கேரளா கம்பெனிக்குப் போகும். தமிழ்நாட்டுப் பக்கத்தில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் தர வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளின்படி மறுசுழற்சி செய்பவரும் புதுப்பித்து விற்பவரும் அங்கே பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

பேட்டரியைத் தனிப் பையில், முனைகளில் டேப் ஒட்டியபடி கொடுங்கள். டிஸ்க்கின்மேல் ஒரு பேப்பர் டேப் ஒட்டி, அழித்த தேதி, டிஸ்க்கின் தொடர் எண், `cmp` காட்டிய கடைசி பைட் எண் மூன்றையும் எழுதுங்கள். அதே மூன்றையும் கடைக் கணக்கு நோட்டிலும் ஒரு வரியாகக் குறித்து, பொருளை வாங்கிக்கொண்டவரின் ரசீதை அந்தப் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள்.